ஓடப்போகிற பிள்ளையை உட்காரவைத்து இழுக்காதீர்கள்



நேற்றுக் காலை மாமல்லபுரம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். ஓட்டப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலைப் பிடித்தபடி குனிந்திருந்தார்கள். பயிற்சியாளர் நிதானமாக அறுபது வரை எண்ணினார். பிறகு அடுத்த கால், மறுபடி அறுபது. எழுந்தவுடன் விசில், 100 மீட்டர் ஓட்டம்!

எனக்கு மனசு கேட்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் பள்ளியில் நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். ஒரு ரிலே ஓட்டத்தில் பையன் ஒருவன் பாதி வழியில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். "ஒழுங்கா ஸ்ட்ரெட்ச் பண்ணலையாடா?" என்று அவனைத்தான் திட்டினேன். அவன் ஒழுங்காகத்தான் செய்திருந்தான். உடம்பைச் சூடாக்காமல் உட்காரவைத்து இழுத்தது நான்.

ஒரே நிலையில் பிடித்து நிற்பது ஸ்டாட்டிக் ஸ்ட்ரெட்ச்சிங். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி இழுத்துப் பிடித்தால், கொஞ்ச நேரத்துக்கு அதன் விறைப்பும், நரம்பு அதை முடுக்கும் வேகமும் குறைகின்றன. பாய்ச்சலுக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான். முப்பது விநாடிக்குள் விட்டால் பாதிப்பு சொற்பம். ஆனால் அதுவும் உடம்பைச் சூடாக்காது.

ஓடுவதற்கு முன் வேண்டியது அசைந்துகொண்டே நீட்டும் டைனமிக் ஸ்ட்ரெட்ச்சிங். முதலில் லேசாக வியர்க்கும்வரை ஐந்து நிமிடம் மெல்லோட்டம். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் பத்து பத்து முறை வீச வேண்டும். சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக்க வேண்டும். அடுத்து நீள அடி வைத்து முழங்கால் மடக்கி நடை, முழங்கால் உயர்த்தி ஓட்டம். கடைசியில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இரண்டு மூன்று குறு ஓட்டங்கள். முடிந்ததும் உட்காராமல் பந்தயத்துக்குப் போக வேண்டும். அதே கரையில் சர்ஃபிங் பையன்கள் தோளைச் சுழற்றி, மணலில் படுத்துத் துள்ளி எழுந்துவிட்டுத்தான் அலைக்குள் போனார்கள். செய்யப்போகும் வேலையையே சின்னதாகச் செய்து பார்க்கிறார்கள்!

ஒரு எச்சரிக்கை. குனிந்தபடி வெடுக் வெடுக்கென்று குதிப்பது டைனமிக் ஆகாது. அசைவு நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

அப்படியானால் ஸ்டாட்டிக் வேண்டாமா? வேண்டும், ஆனால் ஓடி முடித்த பிறகு. சூடான தசையை முப்பது விநாடி, இரண்டு முறை, வலிக்காமல் இழுப்பு தெரியும் அளவுக்குப் பிடித்தால், வாரக்கணக்கில் உடம்பு வளையும். மறுநாள் வலியே வராது என்பது மட்டும் வெறும் நம்பிக்கை. பெரிய வித்தியாசம் இருக்காது.

"ஜிம்னாஸ்டிக்ஸ், பரதநாட்டியத்துக்கு, சார்?" என்பீர்கள். காலை முழுக்க விரிக்க வேண்டிய கலைகள் அவை. அங்கேயும் முதலில் உடம்பைச் சூடாக்கி, சுருக்கமாகப் பிடித்து, பிறகு அசைவுக்கு வாருங்கள்.

என்னிடம் படித்து இன்று பி.டி. ஆசிரியராக இருப்பவர்களே, நான் சொல்லிக்கொடுத்த இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.