வேண்டாம் என்று எழுதிய கடிதம்



ஒக்டோபர் முதலாம் திகதி சர்வதேச முதியோர் தினம். அந்த நாளை முன்னிட்டு, உரும்பிராயில் இருக்கும் வாசகி ஒருவரின் கதையை இந்தப் பக்கத்தில் சொல்கிறேன். தன் பெயர் வரக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. மற்ற எல்லாவற்றையும் எழுதலாம், யாருக்காவது பயன்படட்டும் என்றார்.

யாழ். பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் பெற்றவர் அவர். நகரில் உள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் வேலை. 2024இல் இங்கிலாந்தின் வடக்கே ஓர் அரச வைத்தியசாலையிலிருந்து அவருக்கு வேலைக் கடிதம் வந்தது. ஆங்கிலப் பரீட்சை, அந்நாட்டுத் தாதியர் பதிவுச் சபையின் கணினிப் பரீட்சை இரண்டையும் இரவுக் கடமைகளுக்கு இடையே படித்துச் சித்தியடைந்திருந்தார். அந்த ஆண்டு இங்கிலாந்தில் புதிய தாதியின் தொடக்கச் சம்பளம் 29,970 பவுண். வரியும் ஓய்வூதியப் பங்கும் கழித்தால் மாதம் இரண்டாயிரம் பவுணுக்குச் சற்றுக் குறைவாகக் கையில் வரும். எங்கள் காசில் அப்போது ஏழரை இலட்சம் ரூபா அளவில்.

அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்திருந்தது. உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் செய்த மனிதருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன; விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. அம்மாவுக்கு நெடுநாள் நீரிழிவு, பார்வை மங்கல். அண்ணா ஒருவர் கனடாவில். வீட்டில் இருப்பது இவர் மட்டும்.

“நீ போ பிள்ளை, நாங்கள் சமாளிப்பம்” என்று அம்மா சொன்னார். எங்கள் ஊர்களில் எல்லா அம்மாமாரும் சொல்வது அதுதான். அந்தச் சொல்லை நம்பி விமானம் ஏறவும் அவர் விரும்பவில்லை. அழுதுகொண்டு உடனே மறுக்கவும் விரும்பவில்லை. தான் போய்விட்டதாகவே வைத்து, வீட்டை ஒரு மாதம் நடத்திப் பார்க்க முடிவெடுத்தார். நகரில் தோழியின் வீட்டில் தங்கினார். பகலில் அப்பாவைப் பார்க்க அயலில் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். தொலைபேசியில் மட்டும் பேசுவது, வீட்டுக்குப் போவதில்லை என்பது தனக்கே போட்டுக்கொண்ட விதி.

காசால் எது முடியும், எது முடியாது என்பதை அந்த மாதம் காட்டியது. அப்பாவைக் குளிப்பாட்டவும், உடுப்பு மாற்றவும், சமைக்கவும் அந்தப் பெண்ணால் நன்றாகவே முடிந்தது. முச்சக்கர வண்டி பிடித்து யாழ். போதனா வைத்தியசாலைக்கு கிளினிக் நாளில் கூட்டிப்போகவும் முடிந்தது. ஆனால் பாரிசவாதக்காரர் தண்ணீர் குடித்ததும் இருமினாலோ, குரல் நனைந்ததுபோல் கரகரத்தாலோ, உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று அர்த்தம். அப்படியானவரை நிமிர்த்தி இருத்தித்தான் ஊட்ட வேண்டும்; ஊட்டியபின் அரை மணி நேரமாவது படுக்க விடக்கூடாது. தவறினால் சளிக்காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிடும். முதுகிலோ இடுப்பிலோ சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தும்போது அது வெளிறாவிட்டால் அங்கே படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. இவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம், அவர் சொல்லியும் கொடுத்தார். ஆனால் அந்தப் பெண் மாலையில் தன் பிள்ளைகளிடம் போய்விடுவார். ஒரு நாள் இரவு அப்பா கட்டிலிலிருந்து சரிந்தபோது அம்மாவால் தூக்க முடியவில்லை. அம்மா 1990க்கு அழைத்தார். 2018இலிருந்து யாழ்ப்பாணத்திலும் ஓடுகின்ற அந்த இலவச அம்புலன்ஸ் வந்தது, அப்பா தப்பினார். மகளுக்குச் செய்தி காலையில்தான் தெரியும். “நீ வேலையில் நிக்கிறாய் எண்டு எடுக்கேல்லை” என்றார் அம்மா.

அந்த ஒரு வசனம் தன் முடிவை எழுதிவிட்டது என்கிறார் வாசகி. தூரத்தில் இருக்கும் பிள்ளையிடம் பெற்றோர் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஏழு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த மகளிடமே மறைத்தவர்கள், கடல் கடந்தால் எதைச் சொல்வார்கள்?

கூட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பெற்றோரைப் பிரித்தானியாவுக்கு நிரந்தரமாக அழைக்கும் வழி 2012இலிருந்து மிக ஒடுங்கிவிட்டது. அவர்களுக்குத் தேவையான பராமரிப்பை இலங்கையில் காசு கொடுத்தும் பெற முடியாது என்று நிறுவ வேண்டும். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம். ஆனால் அது வருகை விசாதான். மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். பாரிசவாதம் வந்து படுத்திருப்பவருக்கு எந்த நிறுவனம் இலேசில் காப்புறுதி தரும்? போய்ப் பார்த்துவிட்டுச் சரிவராவிட்டால் திரும்பலாம் என்ற யோசனைக்கும் விலை உண்டு. குறித்த காலத்துக்குமுன் விலகினால் அழைத்த செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. கையெழுத்து வைக்குமுன் அந்தப் பக்கத்தைத் தேடி வாசியுங்கள்.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வேலையை மறுப்பவர்கள் பலர் அதை எழுத்தில் சொல்வதில்லை. வெட்கத்தில் பதில் போடாமல் விடுகிறார்கள். அல்லது அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று இழுக்கிறார்கள். இதில் மற்றப் பக்கத்துக்கு நேர்வது என்ன? பிரித்தானிய நிறுவனம் ஒருவரை அழைக்க ஸ்பொன்சர் சான்றிதழ் ஒன்றைக் கட்டணம் கட்டி அவர் பெயருக்கு ஒதுக்குகிறது. அதை வைத்து மூன்று மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்தால் சான்றிதழ் வீண். அந்த இடத்துக்கு வரக் காத்திருந்த இன்னொருவருக்கும் தாமதம். ஆகவே மறுப்பதானால் சான்றிதழ் ஒதுக்கப்படுமுன் சொல்லிவிட வேண்டும். எங்கள் வாசகி அப்படித்தான் செய்தார். முடிவெடுத்த வாரத்திலேயே, தன்னை நேர்முகத்தில் கண்ட பிரிவுப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி, ஆளணிப் பகுதிக்கும் பிரதி அனுப்பினார்.

கடிதம் சிறியது. ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: தெரிவு செய்ததற்கு நன்றி. என் தந்தைக்குப் பாரிசவாதம். வீட்டில் பராமரிக்க நான் ஒருத்தியே இருப்பதால் இந்த வேலையை ஏற்க முடியவில்லை. இடத்தை இன்னொருவருக்குக் கொடுங்கள். உங்களுக்குச் சம்மதமானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் தொழில் நிலையை எழுதி அனுப்ப விரும்புகிறேன்.

இடத்தை வைத்திருக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. எப்போது வரமுடியும் என்றும் சொல்லவில்லை. முதலில் எழுதிய பிரதியில் “இரண்டு ஆண்டுகளில் வரலாம்” என்று ஒரு வரி இருந்ததாம். அனுப்புமுன் வாசித்தபோது அந்த வரி நெஞ்சில் குத்தியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் வருவதென்றால் அதற்குள் வீட்டில் என்ன நடந்திருக்க வேண்டும்? பெற்றோரைப் பார்க்க நிற்கும் பிள்ளை வருகைக்கு நாள் குறிக்க முடியாது, குறிக்கவும் கூடாது. எழுதுவதற்கு நாள் குறிக்கலாம். அந்த வரியை வெட்டிவிட்டு ஆறு மாதத்தை அவர் எழுதியது அதனால்தான். தொடர்பை வைத்திருக்க விரும்பும் எவருக்கும் இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளே பதில் வந்தது: எழுதுங்கள், மகிழ்ச்சியாக வாசிப்பேன் என்று. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில வரிகள் போகின்றன. இப்போது எந்தப் பிரிவில் வேலை, புதிதாகப் பழகியது என்ன, பரீட்சைப் பெறுபேறுகள் எதுவரை செல்லும் என்பவை மட்டும். வீட்டுத் துயரத்தை அவற்றில் எழுதுவதில்லை. வேலை கேட்பதும் இல்லை. பரீட்சை விடயம் முக்கியமானது. ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறும் அந்தக் கணினிப் பரீட்சையின் சித்தியும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அவை காலாவதியானால், எவ்வளவு நல்ல உறவு இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டையும் மீண்டும் எழுதுவதற்கு மாதாமாதம் ஒரு சிறு தொகையை அவர் ஒதுக்கி வருகிறார்.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். 2025இல் பிரித்தானிய வைத்தியசாலைகள் வெளிநாட்டுத் தாதியரை எடுப்பது வெகுவாகக் குறைந்தது. அந்தப் பொறுப்பாளரும், இப்போது வெளியிலிருந்து ஆட்களை எடுக்கவில்லை என்று கடைசிப் பதிலில் எழுதியிருந்தார். மறுத்த வேலை அப்படியே காத்திருக்கும் என்று யாரும் எண்ணவேண்டாம். ஆனால் அதே பதிலில், நீங்கள் எங்கு விண்ணப்பித்தாலும் உங்களைப்பற்றிச் சொல்ல நான் இருக்கிறேன் என்றும் ஒரு வரி இருந்தது. நேர்மையாகவும் நேரத்துக்கும் சொன்ன மறுப்பால் அவருக்குக் கிடைத்தது அது.

கடைசியாக, கடல் கடந்து வாழும் எங்கள் வாசகர்களுக்கு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலரின் பெற்றோரை ஊரில் ஒரு தங்கையோ தம்பியோ பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை செலவழிப்பது மருந்துக் காசு மட்டுமல்ல. வாங்காமல் விட்ட சம்பளம், நின்றுபோன பதவி உயர்வு, சேராமல் போன ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பிள்ளையின் பங்கிலிருந்தே போகின்றன. எங்கள் வாசகியின் அண்ணா இதைத் தானாகவே உணர்ந்தார். அப்பாவின் செலவுக்கு அனுப்புவதற்குப் புறம்பாக, தங்கையின் பெயரிலுள்ள கணக்கில் மாதம் ஒரு தொகை போடுகிறார். இரவில் உதவிக்கு ஓர் ஆளை வைக்கும் செலவும் அவருடையது. அதனால் தங்கை வேலையை விடாமல் பகல் கடமைக்குப் போய்வருகிறார்.

இந்த மாதம் ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அப்பா அம்மாவின் சுகத்தைக் கேட்டபின், அவர்களைப் பார்க்கும் பிள்ளையிடமும் பேசுங்கள். அவர் எதை விட்டுவிட்டு நிற்கிறார் என்று கேளுங்கள். உங்கள் பங்கை ஒரு தொகையாகச் சொல்லி, மாதாமாதம் தவறாமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்