ஒரு ஸ்டார் வந்தால் முதலில் என்ன கேட்பது?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க மக்களே.

போன வருஷம் மழை சீசன். வியாழக்கிழமை ராத்திரி 9:20 இருக்கும். கிளினிக் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். தெரியாத நம்பர். வணக்கம் இல்லை, பேர் இல்லை.

"1 ஸ்டார். மருந்து வேஸ்ட்."

அவ்வளவுதான். அந்த நம்பரிலிருந்து வந்த முதல் மெசேஜே இதுதான். போனைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி என்னிடம் நீட்டி, "டாக்டர், பிளாக் பண்ணிடவா?" என்றார்.

உண்மையைச் சொல்றேன், எனக்கும் சுருக்குன்னுதான் இருந்தது. அன்று காலையிலிருந்து காய்ச்சல் கேஸ் மட்டுமே அறுபதுக்கு மேல் பார்த்திருந்தேன். "எந்த மருந்து? நான் சொன்ன மாதிரி சாப்பிட்டீங்களா?" என்று டைப் செய்தும் விட்டேன். அனுப்பப்போகும் நேரத்தில்தான் ஒன்று தோன்றியது.

ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்து "தலைவலி" என்று ஒரே வார்த்தை சொன்னால் நான் கோபப்படுவதில்லையே? எத்தனை நாளா, எந்தப் பக்கம், வாந்தி இருக்கா என்று கேட்கிறேன். இந்த "1 ஸ்டார்" என்பதும் அப்படி ஒரு ஒற்றை வார்த்தைப் புகார்தானே? அதை டயக்னோசிஸ் மாதிரி எடுத்துக்கொண்டு ஏன் சண்டைக்குப் போகணும்?

டைப் செய்ததை அழித்துவிட்டு இப்படி அனுப்பினேன்: "நான் டாக்டர்தான் பேசறேன். யாருக்கு உடம்பு சரியில்லை? இப்போ எப்படி இருக்காங்க?"

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "பையன், 8 வயசு. செவ்வாய்க்கிழமை காட்டினோம். காய்ச்சல் இன்னிக்கு மதியம் விட்டுடுச்சு. ஆனா எது குடுத்தாலும் வாந்தி எடுக்கறான். வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்திருக்கான். நீங்க வாந்திக்கு மருந்தே எழுதல."

இதைப் படித்ததும் மெசேஜை நிறுத்திவிட்டுப் போன் போட்டேன். அம்மா எடுத்தார். கேட்டது இரண்டே கேள்வி. கடைசியா எப்போ ஒன்னுக்குப் போனான்? "காலையில போனான் டாக்டர், அப்புறம் போகல." கை, கால் தொட்டா எப்படி இருக்கு? "ஜில்லுனு இருக்கு. அதான் காய்ச்சல் போயிடுச்சேன்னு நினைச்சோம்."

"அம்மா, இப்பவே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்க. வண்டி இல்லைன்னா 108-க்குப் போடுங்க. காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க."

ஏன் அவ்வளவு அவசரம்? டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதைவிட, காய்ச்சல் இறங்கும்போது வருவதே அதிகம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். ரத்தக்குழாயிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசியத் தொடங்கும். வெளியே பார்த்தால் உடம்பு சூடு குறைந்து நல்லாகிவிட்ட மாதிரி தெரியும். உள்ளே ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருக்கும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை சோர்ந்து விழுவது, நாலைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கை கால் சில்லிடுவது. இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

அந்தப் பையனுக்கு டெங்குதான். ரத்தம் கெட்டியாகியிருந்தது, தட்டணுக்கள் குறைந்திருந்தன. அங்கே அளந்து அளந்து சலைன் ஏற்றினார்கள். நாலாவது நாள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

இப்போ என் தப்பைச் சொல்லணும். செவ்வாய்க்கிழமை அவனைப் பார்த்தபோது காய்ச்சல் இரண்டாம் நாள். அப்போது ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை. பாராசிட்டமால் கொடுத்ததும், தண்ணி நிறைய குடுங்க என்றதும் சரி. ஆனால் "காய்ச்சல் விட்டா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காய்ச்சல் விடும் நாளில்தான் கவனமா இருக்கணும் என்று சொல்லவில்லை. அந்த அம்மா நான் சொன்னதை நம்பித்தான் வீட்டில் இருந்திருக்கிறார். அந்த ஒரு ஸ்டார் எனக்குச் சேர வேண்டியதுதான். அன்றிலிருந்து காய்ச்சல் சீட்டின் பின்பக்கம் மேலே சொன்ன அறிகுறிகளையும், மறுபடி வரவேண்டிய தேதியையும் எழுதித் தருகிறோம்.

சரி, பதில் சொல்லும் முறைக்கு வருவோம். கிளினிக் போனைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பது இதுதான்.

"ஏன் 1 ஸ்டார் போட்டீங்க?" என்று கேட்காதீங்க. அது மதிப்பெண்ணுக்கு விளக்கம் கேட்பது, எதிராளி வாதாடத்தான் வருவார். "சிரமத்துக்கு வருந்துகிறோம், நன்றி" என்ற ரெடிமேட் வரியும் வேண்டாம். அது கதவைச் சாத்துகிற வரி. அதற்குப் பிறகு யாரும் வாந்தியைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். முதல் கேள்வி நோயாளியைப் பற்றி இருக்கட்டும். யாருக்கு, இப்போ எப்படி இருக்காங்க. பதிலில் ஆபத்து தெரிந்தால் டைப் பண்ணிக்கொண்டு இருக்காமல் போன் பண்ணுங்க, எனக்கும் சொல்லுங்க.

பாதிக்கு மேல் கேஸில் ஆபத்து ஒன்றும் இருக்காது. "ரெண்டு மணி நேரம் உட்கார வச்சீங்க" என்பார்கள். அப்போ மன்னிப்பு கேட்டு, தாமதமான காரணத்தை ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிடுவோம். பதிலே வராதவர்களும், திட்ட மட்டும் வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் அந்த ஒரு கேள்வி போகும். அதற்கு மேல் துரத்துவதில்லை.

5 ஸ்டாருக்கும் இதே விதிதான். ஒருத்தர் "சூப்பர் டாக்டர், பிரஷர் நார்மல்!" என்று அனுப்பினார். நன்றி சொல்லிவிட்டு "மாத்திரை தொடருதுங்களா?" என்று கேட்டேன். "நார்மல் ஆயிடுச்சே, நிறுத்தி பத்து நாளாச்சு" என்றார். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்பதை அன்றைக்குத்தான் புரியவைத்தேன். அந்த 5 ஸ்டாரை வாங்கி பாக்கெட்டில் போட்டிருந்தால்?

இதுவே எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதிய ரிவியூ என்றால் பதில் வேறு. அங்கே "உங்க பையனுக்கு நான் டெஸ்ட் எழுதினேனே" என்று எழுதினால், அந்தக் குழந்தையின் மருத்துவ விவரத்தை ஊருக்கே சொன்னதாகிவிடும். நோயாளியின் ரகசியம் காப்பது எங்கள் 2002 ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. அவர் நம்மிடம் வந்தார் என்பதைக்கூட அங்கே உறுதி செய்யக்கூடாது. நான் எழுதுவது இவ்வளவுதான்: "உங்கள் குறையைக் கேட்க விரும்புகிறேன், கிளினிக் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். உடல்நிலை மோசமாக இருந்தால் காத்திருக்காமல் பக்கத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்."

கடைசியா உங்களுக்கு. ஸ்டாரைத் தாராளமா குறைங்க, அது உங்க உரிமை. ஆனால் கூடவே மூன்று விஷயம் சேர்த்து அனுப்புங்க: யாருக்கு, எத்தனையாவது நாள், இப்போ என்ன செய்யுது. முக்கியமா, மேலே சொன்ன அறிகுறி ஏதாவது இருந்தா எனக்கு மெசேஜ் அனுப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீங்க. நான் தூங்கிக்கொண்டிருக்கலாம். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. திட்டுறதைப் பிள்ளை நல்லானதும் நிதானமா திட்டிக்கலாம்.

அந்த அம்மா அந்த மெசேஜை அழிக்கவே இல்லை. நானும் அழிக்கவில்லை.