மூணு வேலை, நாலு மார்க்: வெயிட்டேஜ் டேபிள்ல தப்பு எங்க நடக்குது?

1/
வேலை விஷயத்துல முடிவெடுக்க முடியாதப்ப டேபிள் போடுற பழக்கம் இப்ப நிறைய பேருக்கு இருக்கு. இடது பக்கம் மூணு வேலை. மேல சம்பளம், வளர்ச்சி, ஆர்வம், வாழ்க்கை முறை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெயிட்டேஜ், பத்துக்கு ஒரு மார்க். பெருக்கிக் கூட்டினா எது பெருசோ அதான் வேலை. நல்ல பழக்கம்தான். ஆனா அந்தக் கடைசிக் கூட்டுத்தொகையை நம்பி முடிவெடுக்காதீங்கன்னு சொல்லத்தான் இந்த இழை.

2/
ஒரு கணக்கை முழுசாப் போட்டுப் பாத்தா புரியும். தென்காசிப் பக்கம் ஒரு பொண்ணு. எம்.பி.பி.எஸ். முடிச்சு ஹவுஸ் சர்ஜன் காலமும் முடிஞ்சிடுச்சு. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) அவங்க அம்மாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அப்பா இல்லை. தம்பி சென்னையில வேலை பாக்குறான்.

3/
அவங்க முன்னாடி இருந்த மூணு வழி:

அ) எம்.ஆர்.பி. பரீட்சை பாஸ் ஆகி, வீட்டுலேர்ந்து அரை மணி நேரத் தொலைவுல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல உதவி மருத்துவர் போஸ்டிங் கிடைச்சிருக்கு.
ஆ) அதை விட்டுட்டு ஒரு வருஷம் முழு நேரமா நீட் பி.ஜி.க்குப் படிச்சு, குழந்தை மருத்துவம் எடுக்கணும். இந்தப் பக்கத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரின்னா திருநெல்வேலி. ரேங்க்கைப் பொறுத்து இன்னும் தூரமாவும் போகலாம்.
இ) குற்றாலம் ரோட்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில டூட்டி டாக்டர்.

4/
அவங்க முதல்ல போட்ட டேபிள் இது. வெயிட்டேஜ்: சம்பளம் 40, வளர்ச்சி 30, ஆர்வம் 20, வாழ்க்கை முறை 10. மார்க்கும் இதே வரிசையில:

அரசு வேலை: 7, 6, 5, 7. மொத்தம் 6.3
பி.ஜி.: 5, 9, 9, 3. மொத்தம் 6.8
தனியார்: 6, 4, 5, 6. மொத்தம் 5.2

டேபிள் "பி.ஜி. போ"ன்னு சொல்லுது. கூட்டல் பெருக்கல்ல தப்பே இல்லை. ஆனா அவங்களுக்கு மனசு ஒப்பலை. நம்மள்ல பலரும் இந்த இடத்துல ரெண்டுல ஒண்ணு செய்வோம். "கணக்கு சொல்லிடுச்சு"ன்னு மனசை அடக்குவோம், இல்லைன்னா மனசுக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் மார்க்கை மாத்துவோம். ரெண்டும் வேண்டாம். டேபிள் எப்படிக் கட்டப்பட்டிருக்குன்னு பாப்போம்.

5/
முதல்ல சம்பளம். எந்த வருஷத்துச் சம்பளம்? உதவி மருத்துவருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். படிகள் சேர்ந்தா எண்பதாயிரத்தைத் தாண்டும். பி.ஜி.க்குப் படிக்கிற வருஷம் வருமானம் பூஜ்யம், அப்புறம் மூணு வருஷம் உதவித்தொகை. முதல் வருஷத்தை மட்டும் பாத்தா பி.ஜி. பாவம்தான். பத்து வருஷத்தைக் கூட்டினா, ஸ்பெஷலிஸ்ட் ஆன பிறகு வர்ற வருமானம் அந்த இடைவெளியில பெரும்பகுதியை மூடிடும். அதனால ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்துலயும் எத்தனை வருஷக் கணக்குன்னு எழுதுங்க. அவங்க பத்து வருஷம்னு எழுதினாங்க.

6/
வாழ்க்கை முறைக்கும் இதே கதைதான். தனியார் ஆஸ்பத்திரி டூட்டி மார்ச் மாசத்துல அமைதியா இருக்கும். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல் சீசன். குற்றாலத்துல கூட்டம் நெரியும். அருவிப் பாறையில வழுக்கி விழுந்தவங்க, ரோட்டுல அடிபட்டவங்கன்னு சனி ஞாயிறு ராத்திரியில கேஷுவால்டி நிரம்பும். ஒரு நல்ல மாசத்தை மட்டும் மனசுல வச்சு மார்க் போடாதீங்க. வருஷம் முழுக்க எப்படி இருக்கும்னு போடுங்க.

7/
இப்ப முக்கியமான தப்புக்கு வரேன்: வெயிட்டேஜ்.

கோமா ஸ்கோர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 1974ல கிளாஸ்கோவுல டீஸ்டேல், ஜென்னட்னு ரெண்டு டாக்டர்கள் வெளியிட்டது. தலையில அடிபட்டு வர்றவங்களுக்கு நாங்க தினமும் போடுறது. கண் திறக்குறதுக்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. வெயிட்டேஜ்னு அதுல தனியா எதுவும் எழுதியிருக்காது. ஆனாலும் அசைவுதான் மொத்தத்தை அதிகமா ஆட்டும். ஏன்னா குறைஞ்ச மார்க்குக்கும் கூடுன மார்க்குக்கும் உள்ள தூரம் அதுலதான் அதிகம். ஆக, ஒரு தலைப்போட பலம் அதோட பேர்ல இல்லை, அதுக்குள்ள இருக்கிற இடைவெளியில இருக்கு.

8/
வேலை டேபிள்லயும் அப்படித்தான். "சம்பளம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"னு கேட்டா எல்லாரும் 40ன்னுதான் சொல்வோம். அது அந்த வார்த்தைக்குப் போடுற மார்க். கேட்க வேண்டிய கேள்வி வேற: "இந்த மூணு வேலைக்கும் நடுவுல இருக்கிற சம்பள வித்தியாசம் எனக்கு எவ்வளவு முக்கியம்?" மூணுலயும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்னா, பணம் எவ்வளவு அவசியமா இருந்தாலும் இந்த முடிவுல அதுக்கு வேலை இல்லை.

9/
இதை அளக்க ஒரு வழி இருக்கு. நாலு விஷயத்துலயும், மூணு வழியில எது மோசமோ அதையெல்லாம் சேர்த்து ஒரு வேலை உங்களுக்கு அமைஞ்சதா நினைச்சுக்கோங்க. அதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் மோசத்துலேர்ந்து நல்லதுக்கு மாத்தலாம்னா முதல்ல எதை மாத்துவீங்க? அதுக்கு 100. அடுத்தது எது, முதல்ல உள்ளதோட ஒப்பிட்டா எத்தனை? இப்படியே நாலுக்கும் போடுங்க.

அவங்க யோசிக்கவே இல்லை. "ராத்திரி வீட்டுல இருக்கணும் டாக்டர், அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்"னாங்க. முதல் டேபிள்ல அது "வாழ்க்கை முறை"ங்கிற பேர்ல பத்தே பத்து வாங்கியிருந்தது. அந்தப் பேரைக் கேட்டாலே ஏதோ சொகுசு மாதிரி இருக்கு, அதான் காரணம்.

10/
புது வெயிட்டேஜ்: வாழ்க்கை முறை 100, வளர்ச்சி 70, ஆர்வம் 50, சம்பளம் 30. மொத்தம் 250. நூத்துக்கு மாத்தினா 40, 28, 20, 12.

மார்க்கும் புதுசா. ஒவ்வொரு தலைப்புலயும் மூணுல மோசமானதுக்கு 0, நல்லதுக்கு 10, மத்தது நடுவுல. வரிசை: வாழ்க்கை முறை, வளர்ச்சி, ஆர்வம், சம்பளம்.

அரசு வேலை: 10, 5, 2, 10. மொத்தம் 7.0
பி.ஜி.: 0, 10, 10, 6. மொத்தம் 5.5
தனியார்: 8, 0, 0, 0. மொத்தம் 3.2

11/
இதுல ஒண்ணு கவனிங்க. தனியார் வேலை நாலு தலைப்புலயும் அரசு வேலையை விடக் கீழ. அப்படி இருந்தா வெயிட்டேஜ் என்ன போட்டாலும் அது ஜெயிக்காது. கூட்டவே வேண்டாம், அடிச்சிடலாம். ஆனா இது போஸ்டிங் ஆர்டர் கையில இருக்கிறதால மட்டும்தான். எம்.ஆர்.பி. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவங்க டேபிள்ல தனியார் வேலைக்கு மதிப்பு உண்டு. கையில இருக்கிற வேலையையும் கிடைக்கலாம்கிற வேலையையும் ஒரே மாதிரி மார்க் போட்டு ஒப்பிடக் கூடாது.

12/
பி.ஜி.க்கும் அது பொருந்தும். ஆர்வத்துக்குப் போட்ட 10 குழந்தை மருத்துவம் கிடைச்சா மட்டும்தான். ரேங்க் இறங்கி வேற பிரிவு கிடைச்சா ஆர்வம் 3ன்னு அவங்களே சொன்னாங்க. அப்ப மொத்தம் 4.1. அதனால நிச்சயம் இல்லாத வழிக்கு ரெண்டு வரி எழுதணும்: நினைச்சபடி நடந்தா ஒண்ணு, நடக்கலைன்னா ஒண்ணு. சராசரி எடுத்து ஒரே வரியாக்கினா, எதுல ரிஸ்க் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்.

13/
சரி, 7.0 வந்துடுச்சு, அரசு வேலைதானேன்னு கேட்பீங்க. இல்லை, இங்க நிறுத்தினா முதல் டேபிள்ல செஞ்ச அதே தப்புதான். அந்த 40ம் நாம போட்ட நம்பர்தானே? அதனால கடைசியா ஒரு சோதனை. மத்த மூணோட விகிதத்தை அப்படியே வச்சுக்கிட்டு வாழ்க்கை முறையோட வெயிட்டேஜை மட்டும் 40லேர்ந்து கீழ இறக்கிட்டே வாங்க. 35ல அரசு வேலை முன்னாடி இருக்கு. 30ல கிட்டத்தட்ட சமம். 25ல பி.ஜி. முன்னாடி போயிடுது.

14/
இந்த 30தான் டேபிள் தர்ற உண்மையான பதில். "எந்த வேலை நல்லது?"ங்கிற பெரிய கேள்வி, "வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது எனக்கு நூத்துக்கு முப்பதுக்கு மேலயா, கீழயா?"ன்னு சுருங்கிடுச்சு. இதுக்கு டேபிள் பதில் சொல்லாது. வீட்டுல உக்காந்து பேசணும். அவங்க தம்பிக்குப் போன் போட்டாங்க. "நீ தென்காசிக்கு வர முடியுமா? எப்ப?" தம்பிக்கு ரெண்டு வருஷத்துக்கு வழி இல்லை. அவன் வந்திருந்தா அந்த 40 இறங்கியிருக்கும், முடிவும் மாறியிருக்கும்.

15/
டேபிளால முடியாத ஒண்ணும் இருக்கு. கூட்டல்ங்கிறது ஒண்ணுல குறைஞ்சதை இன்னொண்ணால ஈடுகட்டிடும். கோமா ஸ்கோர்ல மொத்தம் 8ன்னு மட்டும் சொன்னா எங்களுக்குப் போதாது. கண், பேச்சு, அசைவுன்னு மூணையும் தனித்தனியா எழுதுவோம். ஏன்னா ஒரே 8 பல விதமா வரும், நோயாளியோட நிலைமையும் வேற வேறயா இருக்கும். அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக வேற ஆளே இல்லைன்னா, அது குறைஞ்ச மார்க் இல்லை, கதவு மூடினதுக்குச் சமம். அந்த மாதிரி விஷயத்தை டேபிளுக்கு வெளிய வச்சு முதல்லயே கேளுங்க. தாண்டாத வழிக்கு மார்க்கே போடாதீங்க.

16/
அவங்க சுகாதார நிலையத்துல சேர்ந்துட்டாங்க. பி.ஜி. கனவு போகலை. தமிழ்நாட்டுல அரசு மருத்துவர்களுக்குப் பட்ட மேற்படிப்பு இடங்கள்ல 50 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம்னு 2020ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பு கொடுத்தது. அரசு வேலைக்கு வளர்ச்சியில 0 இல்லாம 5 வந்தது அதனாலதான். டேபிள் போட்ட தாளைப் பத்திரமா வச்சிருக்காங்க. தம்பி ஊருக்கு வர்றப்ப வாழ்க்கை முறை வெயிட்டேஜை மட்டும் மாத்தி மறுபடி கூட்டணும்னு அதுலயே எழுதி வச்சிருக்காங்க.

17/
நீங்க டாக்டரா இருக்க வேண்டாம். வெளிநாட்டு வேலையா, ஊர்ல கடையா, அரசுத் தேர்வான்னு எந்த மூணு வழிக்கும் இதே முறைதான். தாண்டியே ஆக வேண்டியதை முதல்ல கேளுங்க. எத்தனை வருஷக் கணக்குன்னு எழுதுங்க. வெயிட்டேஜை வார்த்தைக்குப் போடாம வித்தியாசத்துக்குப் போடுங்க. கடைசியா எந்த நம்பர்ல முடிவு திரும்புதுன்னு தேடுங்க. அந்த நம்பர் கிடைச்சதும் டேபிளை மூடி வச்சுட்டு, அதைப் பத்தி யார்கிட்ட பேசணுமோ அவங்ககிட்ட பேசுங்க.