70-ஐத் தாண்டினால் விற்க வேண்டுமா?

புதுக்கோட்டை கீழராஜ வீதியானாலும் சரி, அறந்தாங்கி, பொன்னமராவதி பக்கமானாலும் சரி, பங்குத் தரகு அலுவலகம் நடத்தும் நம்மில் பெரும்பாலோர் திரையில் மூன்று கோடுகள் அழியாமல் இருக்கின்றன. 50 நாள் சராசரி, 200 நாள் சராசரி, அடியில் தனிக் கட்டத்தில் 14 நாள் ஆர்.எஸ்.ஐ. கடலை விற்ற பணத்தோடு வருபவரும், சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியதைப் போட வருபவரும் "இப்ப வாங்கலாமா சார்?" என்றால் நம் கண் முதலில் போவது அங்கேதான். அந்தக் கோடுகளுக்கு நாளைய விலையைப் பற்றி என்ன தெரியும் என்று இந்த இதழில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நகரும் சராசரியிலிருந்து தொடங்குவோம். 20 நாள் சராசரி இன்று எவ்வளவு நகரும்? இன்றைய விலையிலிருந்து, கணக்கை விட்டு இன்று வெளியேறும் 20 நாள் பழைய விலையைக் கழித்து, 20-ஆல் வகுத்தால் வருவதே அந்த நகர்வு. ஒரு பங்கு நேற்றும் 200, இன்றும் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் பழைய விலை 180 என்றால் சராசரி ஒரு ரூபாய் ஏறும். வெளியேறுவது 220 என்றால் ஒரு ரூபாய் இறங்கும். சந்தையில் இன்று எதுவுமே நடக்கவில்லை. ஆனாலும் கோடு திரும்பிவிட்டது. சராசரி மேலே வளைகிறது என்று வாடிக்கையாளரிடம் நாம் சொல்லும் பல நாட்களில், அந்த வளைவுக்குக் காரணம் போன மாதத்து விலை ஒன்று கணக்கிலிருந்து விழுந்ததுதான்.

அடுத்தது தாமதம். சீராக ஏறும் விலையில், n நாள் எளிய சராசரி (n-1)/2 நாள் பின்தங்கியே வரும். 50 நாளுக்குச் சுமார் 25 வர்த்தக நாள், 200 நாளுக்குச் சுமார் 100. இது மென்பொருளின் குறையல்ல, சராசரி என்ற கணக்கிலேயே இருப்பது. எண்ணைக் குறைத்தால் தாமதம் குறையும், பொய்ச் சமிக்ஞை பெருகும். எக்ஸ்பொனென்ஷியல் சராசரிக்கு மாறினாலும் இந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து தப்ப முடியாது.

இந்தத் தாமதம் என்ன செய்யும் என்பதை நிஃப்டியின் இரண்டு வீழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்தால் பார்க்கலாம். 2020 ஜனவரியில் நிஃப்டி 12,430 வரை போனது. மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. 50 நாள் கோடு 200 நாள் கோட்டைக் கீழ்நோக்கி வெட்டியபோது மார்ச் பாதி ஆகிவிட்டது. நிஃப்டி அதற்கு முன்பே 10,000-க்குக் கீழே போயிருந்தது. மறுபடி மேல்நோக்கி வெட்டியது ஆகஸ்டில், 11,000-ஐத் தாண்டிய பிறகு. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் மலிவாக விற்று, ஏறிய விலையில் திரும்ப வாங்கினார். ஆனால் 2008-ல் இதே விதி நன்றாகவே காப்பாற்றியது. அந்த ஜனவரியில் 6,357 வரை போன குறியீடு, மாதக்கணக்கில் இழுத்து இழுத்து விழுந்து, அக்டோபரில் 2,252 வரை வந்தது. கோடுகள் வெட்டிக்கொண்ட பிறகும் பெரிய இறக்கம் பாக்கி இருந்தது. 2009-ல் மேல்நோக்கி வெட்டியபோதும் விலை விற்ற இடத்துக்குக் கீழேயே இருந்தது.

இரண்டுக்கும் வேறுபாடு வேகமும் நீளமும்தான். நகர்வின் ஆயுள் கோட்டின் தாமதத்தைவிடப் பல மடங்கு நீண்டால் சராசரி பலன் தரும். நகர்வு குறுகினால் நஷ்டம். இந்த நகர்வு எவ்வளவு நாள் நீளும் என்பதோ கோட்டுக்குத் தெரியாது. வாடிக்கையாளர் நம்மிடம் கேட்பது சரியாக அதைத்தான்.

இனி ஆர்.எஸ்.ஐ. வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1978-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத் தந்தார். 14 நாள், 70, 30 எல்லாம் அவர் வைத்த எண்களே. ஏறிய நாட்களின் ஏற்றத்தைக் கூட்டி 14-ஆல் வகுத்த சராசரியை, அதேபோல் 14-ஆல் வகுத்த இறக்கச் சராசரியால் வகுத்தால் ஆர்.எஸ். அதை 0-க்கும் 100-க்கும் இடையே அடக்குவதற்கு மட்டுமே இந்தச் சூத்திரம்:

```
RSI = 100 - 100/(1 + RS)
```

ஒரு பங்கின் ஏற்றச் சராசரி 6 ரூபாய், இறக்கச் சராசரி 3 ரூபாய் என்போம். ஆர்.எஸ். 2; ஆர்.எஸ்.ஐ. 66.7. நாளை 70-ஐத் தொட எவ்வளவு ஏற வேண்டும்? வைல்டர் முறையில் பழைய சராசரியை 13-ஆல் பெருக்கி, புதிய நாளைக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும். ஏற்றப் பக்கம் 78-உடன் நாளைய ஏற்றம். இறக்கப் பக்கம் வெறும் 39. விகிதம் 2.333 ஆக மேலே 91 வேண்டும். ஆக, 13 ரூபாய். அதாவது நாளை மாலை ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தொட்டது என்று நாம் சொன்னால், பங்கு அன்று 13 ரூபாய் ஏறியது என்பதையே வேறு அலகில் சொல்கிறோம். அந்த ஏற்றத்தை விலைப் பட்டியலிலேயே பார்த்திருக்கலாம். அதை 70 என்று எழுதியதால் நாளை மறுநாளைப் பற்றி ஒரு துளி செய்தியும் கூடவில்லை.

கூடியது ஓர் அனுமானம்: அளவுக்கு மேல் ஏறியது இறங்கும், அளவுக்கு மேல் இறங்கியது ஏறும் என்பது. விலை ஒரு பட்டைக்குள் ஊசலாடும் காலத்தில் இது பலிக்கும். அதனால்தான் ஆபத்து. சின்னச் சின்ன லாபங்களாகப் பல முறை பலித்து நம்பிக்கையை வளர்த்துவிட்டு, ஒரே ஒரு முறை பலிக்காமல் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போகும்.

எஸ் பேங்க் கதை நம்மில் பலருக்கு மறந்திருக்காது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு அது. வங்கியின் தலைமை நிர்வாகி ராணா கபூரின் பதவிக்காலத்தை 2019 ஜனவரி 31-உடன் முடித்துக்கொள்ள வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் முடிவு செப்டம்பர் 19 அன்று வெளிவந்தது. அடுத்த வர்த்தக நாளான 21-ஆம் தேதி பங்கு ஏறக்குறைய 29 சதவீதம் விழுந்து 227 பக்கம் நின்றது. ஆர்.எஸ்.ஐ. 30-க்கு வெகு கீழே. பாடநூல்படி இதைவிட அழகான வாங்கும் சமிக்ஞை கிடைக்காது. அந்த மாதம் முடிவதற்குள் விலை 200-க்கும் கீழே போனது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் 250-க்கு மேல் ஏறி, பொறுத்திருந்தவருக்கு ஒரு வாசலைத் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வங்கி காலாண்டு நஷ்டத்தை அறிவித்ததும் ஏப்ரல் 30 அன்று மறுபடி ஒரே நாளில் பெரிய சரிவு. 2020 மார்ச் 5 அன்று கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. மறுநாள் பங்கு 5.55 வரை இறங்கியது. இடையில் ஆர்.எஸ்.ஐ. பலமுறை 30-க்குக் கீழே போய் வந்தது. ஒவ்வொரு முறையும் அது ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னது: அண்மையில் நிறைய விழுந்திருக்கிறது. ஏன் விழுந்தது, வாராக்கடன் எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதெல்லாம் 14 நாள் விலைக்குள் இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 2020 நவம்பரில் நிஃப்டியின் ஆர்.எஸ்.ஐ. 70-ஐத் தாண்டியது என்று விற்றவர்கள், அந்த மாதமே 13,000-ஐயும், புத்தாண்டு அன்று 14,000-ஐயும், பிப்ரவரியில் 15,000-ஐயும் வெளியே நின்று பார்த்தார்கள். வலுவான ஏற்றத்தில் ஆர்.எஸ்.ஐ. மேலேயேதான் உட்கார்ந்திருக்கும். அதன் சூத்திரம் அப்படி.

இரண்டையும் ஒரே சார்ட்டில் போடும்போது வேறொரு கோளாறு சேர்கிறது. சராசரி, போகிற பக்கமே போ என்கிறது. ஆர்.எஸ்.ஐ., போகிற பக்கத்துக்கு எதிரே போ என்கிறது. எது நடந்தாலும் இரண்டில் ஒன்று முன்பே சொன்னதாகத் தோன்றும். வாரக் கூட்டங்களில் சார்ட்டைக் காட்டி விளக்குபவர்கள் ஒருபோதும் தோற்காததன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சந்தேகமிருப்பவர்கள் எக்ஸெலில் ஒரு பொய்ப் பங்கைச் செய்து பார்க்கலாம். A1-ல் 100 என்று இட்டு, கீழ்க்கண்ட முதல் வரியை A2-விலிருந்து A500 வரையும், இரண்டாவதை B20-லிருந்தும், மூன்றாவதை C50-லிருந்தும் இழுத்துவிடுங்கள்.

```
=A1*(1+(RAND()-0.5)*0.04)
=AVERAGE(A1:A20)
=AVERAGE(A1:A50)
```

F9-ஐ அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பங்கு பிறக்கும். அதில் நாளைய நகர்வுக்கும் இன்றைய நகர்வுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் சராசரிக் கோடுகள் அலை அலையாக எழுந்து விழும். வெட்டிக்கொண்ட பிறகு அழகாக ஓடிய ஏற்றங்களும் கிடைக்கும். ரஷ்யப் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி 1927-லேயே அரசு லாட்டரிக் குலுக்கலில் வந்த எண்களைச் சராசரியாக்கி, வணிகச் சுழற்சி போன்ற அலைகள் அதில் எழுவதைக் காட்டிவிட்டார். அலையில் ஒரு பகுதி சந்தையுடையது அல்ல, சராசரி எடுப்பது உண்டாக்குவது.

ஆய்வுகள் முழுவதும் நம் பக்கமோ எதிர்ப்பக்கமோ இல்லை. 1992-ல் பிராக், லக்கோனிஷாக், லெபாரன் மூவரும் 1897 முதல் 1986 வரையான டோ ஜோன்ஸ் விலைகளில் 26 எளிய விதிகளைச் சோதித்து, பலன் இருப்பதாகவே எழுதினார்கள். 1999-ல் சலிவன், டிம்மர்மன், வைட் மூவரும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை எடுத்து, அத்தனையில் ஒன்று தற்செயலாகவே ஜெயித்திருக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். பழைய தரவில் முதலிடம் பிடித்த விதி, அடுத்த பத்தாண்டுத் தரவில் அந்த இடத்தைத் தக்கவைக்கவில்லை. 21-க்கும் 55-க்கும் மாற்றினால் சூப்பராக வேலை செய்கிறது என்று வரும் ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்திக்கும் பின்னால் இதே தேடல் இருக்கிறது. தோற்ற எண்கள் நமக்கு அனுப்பப்படுவதில்லை.

அதற்குமேல் செலவு. டெலிவரியில் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்.டி.டி.; வாங்கும்போது 0.015 சதவீத முத்திரைத் தீர்வை. தரகுக் கட்டணம் பூஜ்யமானாலும் ஒரு சுற்றுக்கு 0.2 சதவீதத்துக்கு மேல். மாதம் ஒரு சுற்று என்று ஆடுபவர் ஆண்டுக்கு 2.5 சதவீதத்துக்கு மேல் இதற்கே கட்டுகிறார். லாபம் வந்தால் குறுகிய கால மூலதன ஆதாய வரி 20 சதவீதம். சமிக்ஞையின் சின்ன அனுகூலம் இந்த வழியிலேயே கரைந்துவிடும்.

இந்தக் கோடுகளைத் திரையிலிருந்து அழித்துவிடச் சொல்லவில்லை. பங்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்ல அவை உதவும். எங்கே வெளியேறுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, அதிலிருந்து மனம் மாறாமல் இருக்கவும் 200 நாள் கோடு உதவும். ஆனால் சமிக்ஞை என்று சொல்லி ஆர்டர் போடுமுன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, உங்கள் ஆப் ஆர்.எஸ்.ஐ.-ஐ வைல்டர் முறையில் கணக்கிடுகிறதா, எளிய சராசரியிலா, எத்தனை நாள் தரவோடு என்பது. வைல்டர் முறையில் தொடக்க மதிப்பின் எடை 14 நாள் கழித்தும் 35 சதவீதம் மிஞ்சும்; 50 நாளில் 2.5 சதவீதமாகக் குறையும். ஒரே பங்குக்கு ஓர் ஆப் 71-ம் இன்னொன்று 68-ம் காட்டுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு, போனஸ் அல்லது பங்குப் பிரிப்புக்கு விலை திருத்தப்பட்டிருக்கிறதா என்பது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்த பங்கின் விலை, திருத்தாத சார்ட்டில் பாதியாக விழுந்து கிடக்கும், ஆர்.எஸ்.ஐ. உடனே வாங்கச் சொல்லும்.

மூன்றாவதாக ஒரு நோட்டுப் புத்தகம். வந்த ஒவ்வொரு சமிக்ஞையையும், ஆர்டர் போட்டதும் போடாததும், அன்றைய தேதியோடும் விலையோடும் எழுதுங்கள். பக்கத்தில் 20 வர்த்தக நாள் கழித்து விலை என்ன என்பதை. 100 சேர்ந்ததும் 60-ல் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். அதே காலத்தில் அதே பங்குகளில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 100 தேதிகளிலும் எத்தனை ஏறின என்று எண்ணுங்கள். ஏறுமுகச் சந்தையில் அதுவும் 58, 59 என்று வரக்கூடும். அந்த ஒன்றிரண்டு வித்தியாசத்திலிருந்து செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் இண்டிகேட்டர். அப்படி எழுதிய நோட்டு யாரிடமாவது இருந்தால், தோற்ற வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் முழுமையாக வெளியிடுகிறோம்.