எண்பத்தைந்தாம் கேள்வியில் நின்ற தேர்வு

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சிறுகதையில், நியூஜெர்சி முதியோர் இல்லத்தில் இரவுப்பணி செய்துகொண்டே என்கிளெக்ஸ் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் செவிலியப் பட்டதாரியின் களைப்பு உண்மையாக வந்திருக்கிறது. ஆனால் முடிவு இடறுகிறது. 85-ஆம் கேள்வியோடு கணினி நின்றுவிட, பாதிக்குமேல் தெரியவில்லை என்று அவள் உடைந்துபோகிறாள். கதையும் அதையே தோல்வியாக எடுத்துக்கொள்கிறது. இத்தேர்வு அப்படி நடப்பதில்லை. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். அதனால் நன்றாக எழுதுபவருக்கும் பாதி தவறுவது இயல்புதான். அவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நிற்கும். குறைந்தது 85, அதிகம் 150 கேள்விகள். 85-இல் நிற்பது தேர்ச்சியாகவும் இருக்கலாம்.

கதை என்ன, தேர்வு வழிகாட்டியா என்று கேட்கலாம். துயரம் முழுவதும் இந்த ஒரு நிகழ்வில் தொங்கும்போது அது சரியாக இருந்தாக வேண்டும். அவள் மருந்துப் பெயர்களை உருப்போடுவதாக மட்டும் காட்டியதும் குறைதான். நால்வரில் யாரை முதலில் பார்ப்பாய் என்பதே தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி: அறுவைக்குப் பின் வலி, சற்றே கூடிய சர்க்கரை, வீடு திரும்பக் காத்திருப்பவர், திடீரெனக் குழம்பிப் பேசுபவர். கடைசியவரைத்தான், அந்தக் குழப்பம் ஆக்சிஜன் குறைவின் முதல் அறிகுறியாகலாம். கதையில் விடியற்காலை மூன்று மணிக்கு, உளறத் தொடங்கிய முதியவரிடம் அவள் ஓடுகிறாளே, அப்போது அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்லிக்கொண்டிருக்கிறாள். கதாசிரியர் அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டார்.

வாசகர், மதுரை