கந்தோருக்குப் பலகாரப் பெட்டி: விலைக்கூறலில் விட்டுப்போகிற ஒரு வரி

இந்த வருசம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வேலைத்தலத்தில் ஆக்களுக்குப் பெட்டி குடுக்க நினைக்கிற கந்தோர்கள் அதை வெள்ளிக்கிழமை 6ஆம் தேதியே குடுத்து முடித்துவிடும். ஒஸ்லோவில் வீட்டில் பலகாரம் செய்து விற்கிறவர்களுக்கு, அறிந்தவர் தெரிந்தவருக்கு விற்கிறதும் கந்தோருக்கு எண்பது பெட்டி விற்கிறதும் ஒன்றல்ல. பலகாரம் ஒன்றுதான், கடதாசி வேலைதான் வேறு.

முதலில் சாம்பிள். ஒரு பெட்டி கொண்டுபோய்க் குடுத்துவிட்டு வருவது போதாது. இரண்டு பெட்டி குடுங்கோ: ஒன்று அன்றே சாப்பிட, மற்றது ஒரு கிழமை கழித்துத் திறந்து பார்க்க. எண்ணெய்ப் பலகாரத்தில் காறல் மணம் வந்ததா, அரியதரம் கல்லாகிவிட்டதா என்பது அப்பதான் தெரியும். மேசையில் பத்து நாள் கிடக்கிற பெட்டிக்குப் பால் இனிப்பைவிட முறுக்கும் பயற்றம் பணியாரமும்தான் பொருத்தம். சாம்பிளிலேயே லேபலும் இருக்கவேணும், நோர்வேஜிய மொழியில்: என்னென்ன போட்டது, நிறை எவ்வளவு, எந்தத் திகதி வரை நல்லது, செய்தவர் யார். கோதுமை, பால், எள்ளு, கச்சான், கஜு போன்ற ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்தில் போடவேணும். முறுக்கில் எள்ளு இருப்பது எங்களுக்குச் சாதாரணம், அங்கே அது ஒருவரின் ஆஸ்பத்திரிப் பயணம். மத்தில்சீனெயில் உங்கட சமையலறையைப் பதிவு செய்யாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இனி விலைக்கூறல். காசு போகிற இடம் இதுதான்.

பன்னிரண்டு மாதத்துக்குள் உங்கட விற்பனை 50,000 குரோனரைத் தாண்டினால் மொம்ஸ் பதிவு கட்டாயம். ஜனவரி முதல் டிசம்பர் என்று எண்ணுவதில்லை, எந்தப் பன்னிரண்டு மாதமானாலும் கணக்குத்தான். சில்லறையாய் விற்கிறவர் இந்த எல்லையை வருசக்கணக்காய்த் தொடாமல் இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு கந்தோர் ஓடர் தாண்டவைத்துவிடும்.

ஒரு கணக்குப் பார்ப்பம். ஒருவர் இதுவரை 38,000 குரோனருக்கு விற்றிருக்கிறார். ஒரு கந்தோர் 80 பெட்டி கேட்குது, பெட்டி 220. மொத்தம் 17,600. இரண்டையும் கூட்டினால் 55,600. எல்லைக்கு மேலே போன 5,600க்கு மட்டும்தான் மொம்ஸ் என்று பலர் நினைக்கினம். அப்படியில்லை. எல்லையைத் தாண்டவைக்கிற அந்த விற்பனை முழுவதுக்கும் மொம்ஸ் உண்டு. சாப்பாட்டுக்கு 15 வீதம், ஆக 2,640 குரோனர்.

விலைக்கூறலில் வெறுமனே "220" என்று எழுதியிருந்தால், கந்தோர் அதை முழு விலை என்றுதான் எடுக்கும். பிறகு அந்த 17,600க்குள் இருந்தே 2,296 குரோனர் மொம்ஸுக்குப் போகும். அது உங்கட லாபத்தில் இருந்து போகிற காசு. அதனால் இரண்டு விலையும் எழுதுங்கோ: eks. mva. 220, மொம்ஸோடு 253. பதிவு வந்தால் இரண்டாவது விலை என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கோ. ஊழியருக்குக் குடுக்கிற அன்பளிப்புக்கு அந்த மொம்ஸைக் கந்தோர் திருப்பி எடுக்க ஏலாது. ஆகவே ஓடர் குடுக்கிறவர் தலைக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிற காசில் 253தான் அவருக்கு உண்மையான விலை. அது முன்னமே தெரிந்தால் பெட்டியைச் சின்னதாக்கச் சொல்லுவார், பிறகு தெரிந்தால் முகம் சுளிப்பார். பெட்டியில் பித்தளை விளக்கும் வைத்தால் அதற்கு 25 வீதம், அதைத் தனி வரியாய்ப் போடவேணும்.

இன்வொய்ஸிலும் ஒரு பொறி இருக்கு. பதிவு கிடைக்கும் வரை அதில் மொம்ஸ் எழுதக்கூடாது, உங்கட ஒன்பது இலக்க நிறுவன எண்ணுக்குப் பின்னால் MVA என்று போடவும் கூடாது. 17,600க்கு இன்வொய்ஸ் அனுப்பி, அல்தினில் பதிவுக்கு விண்ணப்பித்து, பதிவு வந்ததும் 2,640க்கு மட்டும் இன்னொன்று அனுப்பவேணும். விலைக்கூறலில் அந்த வரி இருந்தால் இரண்டாவது இன்வொய்ஸைக் கந்தோர் மறுக்க இடமில்லை.

ஓடர் எடுக்கும்போதே "உங்கட றெபரன்ஸ் என்ன?" என்று கேட்டு எழுதிவையுங்கோ. அது இல்லாத இன்வொய்ஸ் பெரிய கந்தோர்களில் யாருடைய மேசைக்கும் போகாமல் கிடக்கும். வாங்குகிறது கொம்யூனோ அரச நிறுவனமோ என்றால் மெயிலில் அனுப்புகிற பிடிஎஃப் சரிவராது, EHF வடிவில்தான் போகவேணும். அதற்குக் கணக்குப் புறோகிராம் தேவை. காசு வர முப்பது நாள் எடுக்கலாம், ஆனால் மா, நெய், பெட்டிக்குரிய காசு ஒக்டோபரிலேயே கையை விட்டுப் போயிருக்கும். முதல் ஓடரை எண்பது பெட்டியோடு நிறுத்துவதா, இருநூறுக்கு ஓம் சொல்லுவதா என்று யோசிக்கும்போது இந்த இடைவெளியையும் பாருங்கோ.