2030-ல் உலகம் முடியப் போவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்வது யார்?

நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

நம் பீளமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் சுற்றுச்சூழல் பேச்சுப்போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேர் பேசினார்கள். அதில் ஒன்பது பேர் "இன்னும் சில ஆண்டுகளில் பூமி அழிந்துவிடும்" என்று ஆரம்பித்து, "ஆகவே ஆளுக்கொரு மரம் நடுவோம்" என்று முடித்தார்கள். கைதட்டல், கேடயம், போட்டோ எல்லாம் ஆயிற்று. கீழே இறங்கி வந்த ஒரு பெண்ணிடம், "ஏன் கண்ணு, பூமி அழியும்னு நிஜமாவே நம்புறியா?" என்று கேட்டேன். "ஆமாங்க டீச்சர், 2030-ல. அதனால காலேஜ் பத்தியெல்லாம் நான் ரொம்ப யோசிக்கறதில்லைங்க" என்றாள். மனப்பாடம் செய்து ஒப்பித்த பேச்சு என்று நாம் நினைத்தது அவளுக்கு நம்பிக்கையாகவே ஆகியிருக்கிறது.

இந்த 2030 எங்கிருந்து வந்தது? 2018-ல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. பூமியின் சராசரி வெப்பம், தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பு இருந்ததைவிட 1.5 டிகிரிக்கு மேல் கூடாமல் நிறுத்த வேண்டுமானால், கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் 2010-ல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகரக் கணக்கில் பூஜ்யம் ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. 2018-க்கும் 2030-க்கும் நடுவே பன்னிரண்டு வருடம். அது செய்தித் தலைப்பில் "பன்னிரண்டு வருடம்தான் இருக்கிறது" என்று ஆயிற்று. வாட்ஸப்புக்கு வந்து சேரும்போது "பன்னிரண்டு வருடத்தில் உலகம் முடிகிறது" என்று ஆகிவிட்டது. 1.5 என்பது நாடுகள் பேசி வைத்த ஓர் இலக்கு. அதைத் தாண்டினால் கதவு சாத்திக்கொள்ளும் என்று அறிக்கையில் எங்கும் இல்லை. 1.6-ஐ விட 1.5 மேல், 1.7-ஐ விட 1.6 மேல். ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரிக்கும் வெயிலும் வறட்சியும் பெருமழையும் கூடுகின்றன, அவ்வளவுதான். 35 மார்க் வாங்கினால் பாஸ், 34 என்றால் ஃபெயில் என்கிற கணக்கு இங்கே கிடையாது.

இதற்கு அடுத்த விஷயம் பாடம் நடத்தும் பலருக்கே தெரியாது. "இன்றைக்கே எல்லாப் புகையையும் நிறுத்தினாலும் இன்னும் பல பத்தாண்டுகள் பூமி சூடாகிக்கொண்டேதான் போகும்" என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். இப்போதைய கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் நிகர பூஜ்யத்துக்கு வந்தால், அதனால் ஏறும் வெப்பம் ஏறக்குறைய அந்த மட்டத்திலேயே நின்றுவிடும் என்பதுதான் 2021-ல் வந்த அறிக்கையின் முடிவு.

நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது, அது நாம் விடும் புகை. அடியில் ஒரு சின்னக் கசிவு இருக்கிறது, அது கடலும் காடும் உறிஞ்சுவது. குழாயை மூடினால் தொட்டியின் மட்டம் மெதுவாக இறங்கும். அதே நேரம், அதுவரை சூடேறாமல் பின்தங்கியிருந்த கடல் இன்னும் கொஞ்சம் சூடாகும். ஒன்று வெப்பத்தை இறக்கப் பார்க்கும், மற்றது ஏற்றப் பார்க்கும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகப் போய்விடும். ஆகவே வெப்பம் நிற்கும். இறங்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடல் மட்டம் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் உயரும். ஆனால் "எப்போது நிற்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "நாம் நிறுத்தும்போது நிற்கும் சாமி" என்று சொல்லலாம். ஆறுதலுக்காகச் சொல்லும் பொய் இல்லை அது.

இந்த இடத்தில் சொந்தக்காரர்களில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். "பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஏன் சொல்லணும்? பயந்துக்கும். படிக்கிற வேலையைப் பார்க்கட்டும்." நம் குடும்ப குரூப்பிலேயே ஒருவர் இதை எழுதினார், ஐந்து பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் சொல்லாவிட்டால் தெரியாமல் போகுமா? 2023-ல் வெயில் தாங்காமல் பள்ளி திறப்பு ஜூன் 12-க்குத் தள்ளிப் போனதே, அந்தப் பிள்ளைகள்தானே வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்? 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்துபோய், அடுத்த கோடையில் குடத்தோடு நாம் நின்றதை மறந்துவிட்டீர்களா? அன்று கூட நின்ற சின்னப் பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள்.

2021-ல் இந்தியா உட்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள பத்தாயிரம் பேரிடம் இணையவழியில் கேட்டு லான்செட் இதழ்க் குடும்பத்தில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பேர் எதிர்காலம் அச்சமூட்டுகிறது என்றார்கள். அந்த எண்ணைத்தான் எல்லோரும் பரப்பினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: இதைப் பற்றி யாரிடமாவது பேசிப் பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், எதிரில் இருந்தவர் கண்டுகொள்ளவில்லை அல்லது தட்டிக்கழித்துவிட்டார் என்று சொல்லியிருந்தார்கள். அந்த எதிரில் இருந்தவர் யார்? நாம்தான். அப்பிச்சி, அம்மாயி, மாமா, வகுப்பு டீச்சர். பயத்தோடு தனியாக விட்டுவிட்டு, "பயப்படாதே" என்று சொல்கிறோம்.

இன்னொரு கூட்டம் "நம்பிக்கை கொடுக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு மரக்கன்றைக் கையில் கொடுக்கிறது. எனக்கு மரத்தின் மேல் விரோதம் கிடையாது. வேம்பும் புங்கனும் நிழலுக்கு வேண்டும், வெயிலைத் தணிக்க வேண்டும், குருவிக்கு வேண்டும். ஆனால் கணக்குப் போடுங்கள். நன்றாக வளர்ந்த ஒரு மரம் தோராயமாக ஆண்டுக்கு 20 கிலோ கார்பன் டை ஆக்சைடை எடுக்கும் என்று சொல்கிறார்கள். மரத்துக்கு மரம் மாறும், கன்றாக இருக்கும்போது மிகக் குறைவு. ஓர் இந்தியரின் சராசரிப் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன். அப்படியானால் ஆளுக்கு நூறு வளர்ந்த மரம் வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வகுத்தல் தெரியும். மேடையில் "ஆளுக்கொரு மரம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வகுத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை நம் பேச்சில் எதை நம்பும்?

அதற்குப் பதிலாக நம் ஊருக்குத் தெரிந்த கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். மோட்டார் கட்டும் ஊர் இது. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். வித்தியாசம் 45 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். வருடத்தில் 300 நாள் என்றால் சுமார் 160 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பெருக்கினால் 112 கிலோ. ஒரே ஒரு ஃபேன், ஐந்தாறு வளர்ந்த மரத்துக்குச் சமம்! ஏன் குறைகிறது என்றும் காட்டலாம். பழைய ஃபேனைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுவிட்டு மோட்டார் மூடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் (சுவிட்சை அணைத்த பிறகு, பெரியவர் பக்கத்தில் நின்று). சூடாக இருக்கும். காற்றாகாமல் வீணான மின்சாரம்தான் அந்தச் சூடு.

இங்கேயும் நேர்மை வேண்டும். "நீ ஃபேன் மாற்றினால் உலகம் பிழைக்கும்" என்று பிள்ளையின் தலையில் பாரத்தைத் தூக்கி வைப்பது மரக்கன்றைவிட மோசம். அந்த 0.7 கிலோ எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்க வையுங்கள். பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து. அதை மாற்றுவது பதிமூன்று வயதுப் பிள்ளையின் வேலை இல்லை, ஓட்டுப் போடுகிற, தொழில் நடத்துகிற, மின்வாரியத்திலும் கோட்டையிலும் உட்கார்ந்திருக்கிறவர்களின் வேலை. ஆடி மாதம் உடுமலைப் பக்கம் பஸ்ஸில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் அந்தக் காற்று மார்கழியில் படுத்துவிடும். அப்போது என்ன செய்வது, மிச்ச மின்சாரத்தை எப்படிச் சேர்த்து வைப்பது என்பது இன்னும் தீராத வேலை. காலேஜைப் பற்றி யோசிப்பதில்லை என்ற பெண்ணிடம் சொல்ல வேண்டியது இந்தத் தீராத வேலையைத்தான்.

"எதுவும் மாறாது" என்கிற அரசமரத்தடி ஞானிகளுக்கு ஒன்று. 90-களில் என்னிடம் படித்தவர்களே, ஓசோன் படலத்து ஓட்டை பாடம் நினைவிருக்கிறதா? பரீட்சைக்கு எழுதினீர்கள். அது பிறகு என்ன ஆயிற்று என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? 1987-ல் மான்ட்ரியலில் உடன்பாடு போட்டு, ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரேயிலும் இருந்த அந்த வாயுக்களை உலகமே படிப்படியாக நிறுத்தியது. ஓசோன் இப்போது தேறி வருகிறது. உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில், அண்டார்டிகாவுக்கு மேல் 2066 வாக்கில், 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. கணிப்பு. அது சில வாயுக்களோடு முடிந்த விஷயம், நிலக்கரி சமையலறை வரைக்கும் வந்த விஷயம், இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும் நோய் வந்த கதையை மட்டும் சொல்லி, தேறிய கதையைப் பாடத்தில் விட்டால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வி கேட்கிற பிள்ளையின் கவலை நல்ல கவலை, கூட உட்கார்ந்து பதில் தேடுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பள்ளிக்குப் போக மறுத்து இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது வேறு. திட்டாதீர்கள், விபூதி பூசி விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை.

என்னிடம் படித்தவர்களில் மோட்டார் கம்பெனி வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறீர்கள், சொட்டுநீர் போட்டுத் தென்னையைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் இருக்கிற பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, ஒரு மணி நேரம் வகுப்பு கேளுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம். ஒரு பழைய ஃபேன், ஒரு புது ஃபேன், ஒரு வாட் மீட்டர் போதும். பெருக்கலைப் பிள்ளைகளே போடட்டும். ஆடி முடிவதற்குள் யார் யார் போகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். வாட் மீட்டர் இல்லாதவர்களுக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது, வந்து வாங்கிப் போகலாம்.